டின் மீன் சாண்ட்விச்: தோசைக்கல்லோடு பத்து நாள்

மகள் டியூஷன் முடிந்து வீட்டுக்கு வரும்போது பின்னேரம் ஐந்தரை ஆகிவிடும். வந்ததும் பசி. டின் மீன் வைத்துச் சுட்ட சாண்ட்விச் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் நான் சுடுவதெல்லாம் வெளியே பொன்னிறமாக இருக்கும், கடித்தால் நடுப்பாண் ஈரத்தில் களிபோல ஒட்டும். இதைச் சரிசெய்யாமல் விடுவதில்லை என்று முடிவெடுத்துப் பத்து நாள் செய்து பார்த்தேன். வீட்டில் சாண்ட்விச் சுடும் இயந்திரம் இல்லை. அம்மம்மா தந்த கனமான இரும்புத் தோசைக்கல்லும், காஸ் அடுப்பும், கேக் செய்ய வாங்கிய சின்ன டிஜிட்டல் தராசும்தான் இருந்தன. ஒவ்வொரு நாளும் அளந்து கொப்பியில் குறித்து வைத்தேன்.

முதல் நாள், சனிக்கிழமை

நாங்கள் இருப்பது ஆரையம்பதியில். பின்னேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் சூன் பாண் ஓட்டோவில் சூடு தணியாத றாத்தல் பாண் ஒன்று வாங்கி உடனே வெட்டினேன். கத்தியின் கீழே பாண் நசுங்கியது. கல்லில் ஒரு மேசைக்கரண்டி பட்டர் போட்டு, உருகியதும் சாண்ட்விச்சை அதன்மேல் வைத்தேன். கீழ்ப்பக்கம் அவ்வளவு பட்டரையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டது. திருப்பியபோது மேல்பக்கத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கீழ்ப்பக்கம் நடுவில் கருமை, ஓரத்தில் வெள்ளை, தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. உள்ளே வழக்கம்போல ஈரம்.

இரண்டாம், மூன்றாம் நாள்: பட்டர் எவ்வளவு?

கல்லில் பட்டர் போடுவதை நிறுத்தினேன். பாணின் வெளிப்பக்கத்தில் பூசினால்தான் ஓரம்வரை ஒரே சீராகப் பரவும், எவ்வளவு போகிறது என்றும் தெரியும். துண்டின் தடிப்பு அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, 12 மில்லிமீற்றர் அளவில். ஒரே பாணில் வெட்டிய துண்டுகளில் ஒரு பக்கத்துக்கு 3 கிராம், 5 கிராம், 10 கிராம் என்று மூன்று விதமாகப் பூசிச் சுட்டேன்.

3 கிராம் பூசியது புள்ளி புள்ளியாகச் சிவந்தது. 10 கிராம் பூசியது சுடும்போது மிக அழகாக இருந்தது. ஆனால் ஆறும்போது அந்தக் கொழுப்பு பாணுக்குள் இறங்கி, மேலோடு மொறுமொறுப்பை இழந்து தொய்ந்தது. 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டியை மட்டமாக வழித்த அளவு, ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே பொன்னிறம் தந்தது. ஒரு சாண்ட்விச்சுக்கு வெளியே இரண்டு பக்கம், ஆக மொத்தம் 10 கிராம் பட்டர். நான் முன்பு போட்டதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான்.

பட்டரில் ஐந்தில் நான்கு பங்கு கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். கல்லில் படும்போது நுரைப்பது அந்தத் தண்ணீர் ஆவியாவதுதான். அது போகும்வரை பாணின் மேற்பரப்பு 100 பாகைக்கு மேல் சூடாகாது, சிவக்கவும் மாட்டாது. கொழுப்புக் குறைந்த பூச்சு வகைகளில் தண்ணீர் இன்னும் அதிகம் என்பதால் அவற்றைப் பூசினால் பாண் சிவப்பதற்குள் நனைந்துவிடுகிறது. ஒரு நாள் வீட்டில் பட்டர் தீர்ந்து அப்படி ஒன்றைப் பூசிப் பார்த்தே இதைக் கண்டேன்.

மட்டக்களப்பு வெயிலுக்கு இன்னொரு கவனமும் வேண்டும். பகலில் பட்டரை வெளியே வைத்தால் அரை மணித்தியாலத்தில் எண்ணெயாகிறது. உருகிய பட்டரைப் பாண் உறிஞ்சிவிடும், மேலே நிற்காது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் போதும். கத்தி அழுந்தினால் வழிவிட வேண்டும், வழியக் கூடாது.

நான்காம் நாள்: நேற்றைய பாண்

சூன் பாண் நானாவிடம் கேட்டேன்.

"நானா, நேற்றைய பாண் ஒன்று இருக்குமா?"

"நேற்றையதை ஏன் தங்கச்சி கேட்கிறீர்கள்? இன்றையது சூடாக இருக்கிறது."

"சாண்ட்விச் சுடுவதற்கு. இன்றையதை வெட்டினால் நசுங்குகிறது."

"அப்படியென்றால் இன்று வாங்கித் துணியில் சுற்றி வையுங்கள். நாளைக்குப் பின்னேரம் வெட்டுங்கள். சூடு உள்ளே இருக்கும்வரை பாணில் ஈரம் நிற்கும்."

அவர் சொன்னபடி செய்தேன். மறுநாள் பாண் சீராக வெட்டுப்பட்டது, பட்டர் பூசும்போதும் பிய்யவில்லை. மூன்றாம் நாளுக்கு வைக்க வேண்டாம். இந்தப் புழுக்கத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். வெட்டி விற்கும் சாண்ட்விச் பாணிலும் செய்யலாம், ஆனால் அதில் சீனி கூட இருப்பதால் சீக்கிரம் சிவக்கும், நெருப்பை இன்னும் தணிக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் முதல் எட்டாம் நாள் வரை: தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வெளிப்பக்கம் சரியாகிவிட்டது. உள்ளே ஈரம் மட்டும் போகவில்லை. அதனால் உள்ளே வைப்பதை எல்லாம் தராசில் வைத்தேன். இந்த நான்கு நாளில்தான் உண்மையில் ஏதாவது படித்தேன் என்று சொல்வேன்.

425 கிராம் டின் ஒன்றைத் திறந்து, மீனை வடிதட்டில் பத்து நிமிடம் விட்டேன். வடிந்தபின் 280 கிராம் அளவில் மீன் நின்றது. முன்பெல்லாம் இதை அப்படியே பிசைந்து, வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் உப்பும் சேர்த்துப் பாணில் வைத்துவிடுவேன். தவறு அங்கேதான் இருந்தது. உப்புப் பட்டதும் வெங்காயம் தண்ணீர் விடுகிறது, புளி இன்னும் தண்ணீர் சேர்க்கிறது, மீனுக்குள்ளும் தண்ணீர் நிற்கிறது. கல்லில் சூடேறும்போது எல்லாம் ஆவியாகிப் பாணுக்குள் புகுந்து அங்கேயே தங்குகிறது.

இந்த முறை தாச்சியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, பொடியாக வெட்டிய வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், கறிவேப்பிலை போட்டு வதக்கி, முள் நீக்கி உதிர்த்த மீனைச் சேர்த்து வறுத்தேன். எல்லாம் சேர்த்து வறுக்கும் முன் 340 கிராம், எட்டு நிமிடம் வறுத்த பின் 285 கிராம். போன 55 கிராமும் தண்ணீர். ஒரு சாண்ட்விச்சுக்கு 60 கிராம் கறி வைக்கிறேன் என்றால், ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு தேக்கரண்டிக்கு மேல் தண்ணீரை நான் இவ்வளவு காலமும் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

போதும் என்று எப்படித் தெரியும்? கறியைக் கரண்டியால் ஒரு பக்கம் ஒதுக்கினால் தாச்சியின் அடியில் நீர்க்கோடு ஊறி வரக் கூடாது. சலசலப்பு நின்று, காய்ந்த பொரிச்சத்தம் கேட்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு கரண்டி கறியை டிஷ்யூத் தாளில் வைத்து ஒரு நிமிடம் அழுத்துவேன். எண்ணெய்ப் பொட்டு பட்டால் பரவாயில்லை, தாள் தொய்ந்தால் திரும்பவும் அடுப்புக்குத்தான். உப்பும் மிளகுத்தூளும் இறக்கும்போது, தேசிக்காய் நாலைந்து துளி மட்டும். அதன் பிறகு கறி ஆற வேண்டும். சூடாக வைத்தால் கல்லில் ஏறும் முன்பே பாண் வியர்க்கிறது. மிச்சக் கறியை டின்னில் விடாமல் மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டுக் குளிரில் வைத்து அடுத்த நாளே முடித்துவிடுகிறேன்.

தக்காளி வேண்டும் என்று மகள் விடவில்லை. 90 கிராம் தக்காளி ஒன்றின் விதைச் சாற்றை வழித்தெறிந்து, மெல்லிய வட்டமாக வெட்டி, ஒரு சிட்டிகை உப்புத் தூவிப் பதினைந்து நிமிடம் வடிதட்டில் விட்டுத் துணியால் ஒற்றினேன். கீழே தேங்கிய தண்ணீரைப் பார்த்த மகள், "அம்மா, இதெல்லாம் என்னுடைய சாண்ட்விச்சுக்குள் இருந்ததா?" என்று கேட்டாள். இதற்குப் பிறகும் தக்காளியைப் பாணில் பட வைப்பதில்லை. கறியில் பாதி, அதன்மேல் தக்காளி, அதன்மேல் மீதிக் கறி.

எட்டாம் நாள் செய்த ஒரு மாற்றம் எல்லாவற்றிலும் பெரியது. பாணின் உள்பக்கத்தை முதலில் பட்டர் இல்லாமல், வெறும் கல்லில் ஒரு நிமிடம் வாட்டினேன். நிறம் மாற வேண்டியதில்லை, தடவினால் காய்ந்த சொரசொரப்பு இருந்தால் போதும். அந்தக் காய்ந்த தோல் மிச்ச ஈரத்தை நன்றாகத் தாங்குகிறது. அது ஆறியபின் அதன்மேல் 2 கிராம் பட்டர் மிக மெல்லிதாகப் பூசுகிறேன். சுடும்போது இந்தப் பட்டர் உருகிவிடும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. வாட்டாமல் பட்டர் மட்டும் பூசிய துண்டில் ஈரம் ஏறத்தான் செய்தது.

ஒன்பதாம் நாள்: நெருப்பு

தோசை சுடும் சூடு இதற்கு ஆகாது. தண்ணீர் தெளித்தால் துள்ளி ஓடும் கல்லில் வைத்தால், உள்ளே சூடேறுவதற்குள் வெளியே கருகும். பயறளவு பட்டரைக் கல்லின் ஓரத்தில் வைத்துப் பார்க்கிறேன். மெதுவாக நுரைத்து, அரை நிமிடம்வரை மஞ்சளாகவே இருந்தால் சரியான சூடு. பழுப்பாக ஓடினால் அடுப்பைத் தணித்துக் காத்திருக்க வேண்டும். பக்கத்துக்கு மூன்றரை நிமிடம். இரும்புக்கல் சூட்டைப் பிடித்து வைக்கும் என்பதால் இரண்டாவது சாண்ட்விச்சுக்கு நெருப்பை இன்னும் குறைக்கிறேன், நேரமும் அரை நிமிடம் குறைகிறது.

மூடி போடுவதில்லை. மூடினால் ஆவி மூடியில் பட்டுத் திரும்பப் பாணிலேயே சொட்டும். வைத்ததும் தோசைக்கரண்டியால் மெதுவாக ஒரு தரம் அழுத்துகிறேன், பாண் முழுவதும் கல்லில் படட்டும் என்று. பலமாக அழுத்தினால் கறியில் மிச்சமுள்ள ஈரமும் பாணுக்குள் ஏறும்.

பத்தாம் நாள்

சுட்டு எடுத்ததைப் பீங்கானில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் அடிப்பக்கம் நனைந்துவிடுகிறது. ஆவி போக வழியில்லாமல் பீங்கானுக்கும் பாணுக்கும் இடையில் நின்றுவிடுவதே காரணம். கம்பித் தட்டு இல்லாததால் பிரம்பு இடியப்பத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் வைத்தேன். கண்ணறைகள் வழியே ஆவி கீழே போய்விட்டது. இரண்டு நிமிடம் கழித்துக் குறுக்காக வெட்டினேன். கத்தி இறங்கும்போதே மேலோடு நொறுங்கும் சத்தம் கேட்டது. வெட்டுமுகத்தில் மேல்பாண் காய்ந்த வெள்ளையாக இருந்தது, கீழ்ப்பாணில் தக்காளிக்கு நேரே மட்டும் ஒரு மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு.

ஒன்றை லஞ்ச் சீற்றில் சுற்றி வைத்துப் பார்த்தேன். இருபது நிமிடத்தில் துவண்டுவிட்டது. அதனால் சுட்டதை வீட்டிலேயே உடனே சாப்பிட வேண்டும். இனி மகளின் சைக்கிள் மணி ஒழுங்கையில் கேட்டபிறகுதான் கல்லை அடுப்பில் ஏற்றுவேன். அவள் முகம் கழுவி வருவதற்குள் முதல் பக்கம் சிவந்துவிடும்.