கூட்டல் சூத்திரத்தை நாமே கண்டுபிடிப்பது: ஒரே உத்தியில் இரண்டு வகைத் தொடர்கள்

பிளஸ் 1 கணிதத்தில் கணிதத் தொகுத்தறிதலைப் படித்து முடித்ததும், எந்தத் தொடரைக் கண்டாலும் அதையே கையில் எடுக்கும் பழக்கம் பலருக்கு வந்துவிடுகிறது. "எனக் காட்டுக" என்று வினாவிலேயே விடை இருந்தால் அது போதும். "கூடுதல் காண்க" என்று கேட்டுவிட்டால் தொகுத்தறிதலால் பயனில்லை. அதற்கு விடை முன்பே தெரிந்திருக்க வேண்டும். நுழைவுத் தேர்வுகளில் வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான்.

நான் பிடித்துக்கொண்ட வழி ஒன்றே ஒன்று. r ஆவது உறுப்பை f(r) − f(r+1) என்றோ f(r+1) − f(r) என்றோ எழுத முடிகிறதா என்று பார்ப்பது. முடிந்தால் நடுவில் உள்ளவை ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும், இரண்டு முனைகள் மட்டும் மிஞ்சும். பின்னத் தொடர்களுக்கு இதை எல்லோரும் செய்கிறார்கள். கூட்டு-பெருக்குத் தொடருக்கும் இதே வழி செல்லும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

முதலில் பின்னத்தில் வரும் ஒரு பொறி. உறுப்பு 1/(r(r+2)). பகுதி பின்னமாக்கினால்:

1/(r(r+2)) = ½ [1/r − 1/(r+2)]

இங்கே இடைவெளி 2. ஆகவே அடுத்த உறுப்போடு எதுவும் நீங்காது. அதற்கும் அடுத்த உறுப்போடுதான் நீங்கும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று மொத்தம் நான்கு மிஞ்சும்:

S = ½ [1 + 1/2 − 1/(n+1) − 1/(n+2)]

அவசரத்தில் எழுதுபவர்கள் முதலும் கடைசியும் மட்டும் மிஞ்சும் என்று எண்ணி ½ [1 − 1/(n+2)] என்று முடித்துவிடுவார்கள். பிறகு n = 1 போட்டுச் சரிபார்ப்பார்கள். 1/3 வரும். உண்மையான முதல் உறுப்பும் 1/3! சரி என்று நம்பி அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். காரணம் எளிது: n = 1 ஆகும்போது சரியான விடையில் உள்ள 1/2-ம் 1/(n+1)-ம் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன, தவறு மறைந்துபோகிறது. n = 2 போட்டால் குட்டு உடைந்துவிடும். உண்மைக் கூடுதல் 1/3 + 1/8 = 11/24. தவறான சூத்திரம் 9/24 தரும். ஆகவே இடைவெளி 2 என்றால் n = 2 வரையாவது சரிபார்க்க வேண்டும். நீக்குவதற்கு முன் முதல் மூன்று வரிகளையும் கடைசி இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டால் இந்தப் பிழை வரவே வராது. அரை நிமிட வேலை.

இனி கூட்டு-பெருக்குத் தொடர். உறுப்பு (2r+1)·3^r என்று எடுத்துக்கொள்வோம். அதாவது 3·3 + 5·9 + 7·27 + … வகுப்பில் சொல்லித்தரும் முறை, S-ஐப் பொது விகிதமான 3-ஆல் பெருக்கி, ஓர் இடம் தள்ளி எழுதிக் கழிப்பது:

S − 3S = 9 + 2(3² + 3³ + … + 3^n) − (2n+1)·3^(n+1)

இதில் தவறு நேரும் இடம் அடைப்புக்குறி. முதல் உறுப்பான 9 தனியே நின்றுவிட்டதால் அடைப்புக்குள் இருப்பவை n − 1 உறுப்புகள். n என்று எண்ணிவிட்டால் விடை (n−1)·3^(n+1) என்று வரும். n = 1 போட்டால் பூச்சியம், ஆனால் முதல் உறுப்பு 9. நல்லவேளையாக இங்கே முதல் சோதனையிலேயே தெரிந்துவிடுகிறது. சரியாக எண்ணினால் அடைப்பின் மதிப்பு 9(3^(n−1) − 1)/2. அதைப் போட்டுச் சுருக்கினால் −2S = −2n·3^(n+1). ஆக S = n·3^(n+1).

இவ்வளவு சிறிய விடைக்கு இத்தனை வரிகளா என்று கேட்கத் தோன்றும். இப்போது அதே தொடரை வித்தியாசமாக எழுதிப் பார்ப்போம். f(r) = (Ar + B)·3^r என்று வைத்துக்கொள்கிறேன். உறுப்பில் 3^r-ஐப் பெருக்கும் பகுதி ஒருபடிக் கோவை என்பதால் f-லும் ஒருபடிக் கோவையே போதும்.

f(r+1) − f(r) = 3^r [3A(r+1) + 3B − Ar − B] = 3^r [2Ar + 3A + 2B]

இது (2r+1)·3^r ஆக வேண்டுமானால் 2A = 2, 3A + 2B = 1. எனவே A = 1, B = −1. f(r) = (r−1)·3^r. கூடுதல் f(n+1) − f(1). f(1) பூச்சியம். விடை n·3^(n+1). உறுப்புகளை எண்ணும் வேலையே இல்லை. n = 2 போட்டால் 54, உண்மையில் 9 + 45 = 54.

இந்த வழியின் உண்மையான லாபம் இருபடிக் கோவை வரும்போதுதான் தெரியும். r²·2^r-இன் கூடுதலைப் பெருக்கிக் கழிக்கும் முறையில் கண்டால் அதே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டும். இங்கே (Ar² + Br + C)·2^r என்று வைத்தால் மூன்று சமன்பாடுகள்: A = 1, 4A + B = 0, 2A + 2B + C = 0. B = −4, C = 6. f(r) = (r² − 4r + 6)·2^r. கூடுதல் (n² − 2n + 3)·2^(n+1) − 6. f(1) = 6-ஐக் கழிக்க மறப்பதுதான் இங்கே வழக்கமான பிழை.

ஓர் எல்லை உண்டு. பொது விகிதம் x என்றால் f(r+1) − f(r)-இல் உயர்ந்த படியின் கெழு A(x−1) ஆக வருகிறது. x = 1 ஆனால் அது மறைந்துவிடும். அப்போது f-இன் படியை ஒன்று கூட்ட வேண்டும். வெறும் r-களைக் கூட்டினால் n(n+1)/2 என்று இருபடி வருவது இதனால்தான்.

இரண்டு வகையும் கலந்த வினா ஒன்றும் அடிக்கடி தலைகாட்டும்: (r+2)/(r(r+1)·2^r). பின்னத்தை மட்டும் பிரித்தால் 2/r − 1/(r+1). கெழுக்கள் 2-ம் 1-ம். இவை ஒன்றையொன்று நீக்காது, அங்கேயே பலர் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். 2^r-ஐ உள்ளே கொண்டுபோனால் அந்த 2 அதோடு சேர்ந்துவிடும்:

1/(r·2^(r−1)) − 1/((r+1)·2^r)

இது அப்படியே f(r) − f(r+1). கூடுதல் 1 − 1/((n+1)·2^n). n = 2 எனில் 11/12, நேரே கூட்டினாலும் 3/4 + 1/6 அதுவே. n முடிவிலியை நோக்கிச் சென்றால் 1.

2^r இல்லாமல் (r+2)/(r(r+1)) மட்டும் கொடுத்திருந்தால் இந்த வித்தை பலிக்காது. 2-க்கும் −1-க்கும் கூடுதல் பூச்சியமாக இல்லாததால் 1/r என்ற ஒரு மிச்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். 1/r-களின் கூடுதலுக்கு முடித்துக் கொடுக்கும் பின்னச் சூத்திரம் கிடையாது. பகுதி பின்னம் எழுதியவுடன் கெழுக்களைக் கூட்டிப் பாருங்கள். பெருக்குத் தொடரின் அடுக்கு எதுவும் இல்லாத வினாவில் அது பூச்சியம் ஆகவில்லை என்றால், நீங்கள் பிரித்ததில் பிழை இருக்கிறது, அல்லது வினாவைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள்.