வாராக்கடன் போக்கெழுதுவதும் ஐயக்கடன் ஒதுக்கும்: பரீட்சையில் எது முதலில், ஏன்

பி.காம். முடித்த கையோடு பாரிமுனைப் பக்கம் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர்ந்து, அங்கே வேலை பார்த்துக்கொண்டே சி.ஏ. இன்டர் எழுதினேன். இப்போது மாலையில் மேற்கு மாம்பலத்தில் பி.காம். பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் சொல்லித் தருகிறேன். இறுதிக் கணக்குகள் என்றால் எல்லோரும் பயந்து படிப்பது தேய்மானத்தையும் சரக்கிருப்பையும்தான். ஆனால் விடைத்தாளில் இருப்புநிலைக் குறிப்பு ஒட்டாமல் போகிற இடம் பெரும்பாலும் கடனாளிகள்தான், அதிலும் வாராக்கடனும் ஒதுக்கும் ஒரே கணக்கில் சேர்ந்து வரும்போது. அதனால் அதை மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு நன்றாகப் பிடிபட்டது ஒரு பெயிண்ட் மொத்த வியாபாரியின் கடையில். மார்ச் முடிந்து கணக்கு முடிக்கப் போயிருந்தோம். நிலுவைப் பட்டியலை டேலியிலிருந்து பிரிண்ட் எடுத்து முதலாளி முன்னால் வைத்தோம், யார் யார் எவ்வளவு தர வேண்டும், எத்தனை நாளாகிறது என்று. அவர் பேனாவை எடுத்து ஒரு பெயரை மட்டும் கோடு போட்டு அடித்தார். "தம்பி, இவரு கடையை மூடிட்டு ஊருக்கே போயிட்டாரு, இது வராது. மத்தவங்க தருவாங்க, ஆனா எல்லாரும் முழுசா தரமாட்டாங்க. எவன் ஏமாத்துவான்னு இப்ப சொல்லத் தெரியல." அவ்வளவுதான் விஷயம். கோடு போட்ட பெயர் வாராக்கடன். ஆள் யாரென்று தெரியும், தொகை தெரியும், அவருடைய கணக்கையே பேரேட்டில் மூடிவிடலாம். மீதிப் பட்டியல் மேல் வைப்பது ஒதுக்கு. நட்டம் வரும் என்று தெரியும், யாரிடமிருந்து என்று தெரியாது, அதனால் எந்தக் கடனாளியின் கணக்கிலும் கை வைக்க முடியாது, தனியாக ஓர் ஒதுக்குக் கணக்கு திறந்து அதில்தான் வைக்க வேண்டும்.

இதிலிருந்தே வரிசையும் வந்துவிடுகிறது. அடித்த பெயரை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும், அப்புறம் மிச்சமுள்ள தொகைக்குத்தான் சதவீதம். போய்விட்டது என்று முடிவான பணத்துக்கு மறுபடி "ஒருவேளை வராமல் போகலாம்" என்று ஒதுக்கு வைப்பதில் அர்த்தமே இல்லை.

சரி, கணக்கில் பார்ப்போம். 2024 மார்ச் 31 அன்று இருப்பாய்வில் கடனாளிகள் ரூ.6,14,000. வாராக்கடன் ரூ.9,000 பற்றுப் பக்கம். ஐயக்கடன் ஒதுக்கு ரூ.20,000 வரவுப் பக்கம், இது போன வருடம் வைத்தது. இருப்பாய்வுக்குக் கீழே சரிக்கட்டுதலில் இரண்டு வரிகள்: மேலும் ரூ.14,000 வாராக்கடனாகப் போக்கெழுத வேண்டும், கடனாளிகள் மீது 5% ஐயக்கடன் ஒதுக்கு உருவாக்க வேண்டும்.

முதல் கேள்வி, இந்த 9,000-ஐக் கடனாளிகளிலிருந்து கழிக்க வேண்டுமா? வேண்டாம். இருப்பாய்வுக்குள் ஒரு தொகை நிற்கிறது என்றால் அதற்கான இரட்டைப் பதிவு ஏற்கெனவே முடிந்துவிட்டது: வாராக்கடன் பற்று, கடனாளி வரவு. 6,14,000 என்பதே அந்த 9,000 போன பிறகு நிற்கும் தொகை. வெளியே இருக்கும் 14,000-க்குத்தான் பதிவு இன்னும் போடவில்லை, அதனால் அது மட்டும் இரண்டு இடத்தைத் தொடும், இலாப நட்டக் கணக்கில் ஒன்று, கடனாளிகளில் ஒன்று. ஆக 6,14,000-ல் 14,000 போக 6,00,000. அதில் 5% என்றால் 30,000, இதுதான் புது ஒதுக்கு.

இலாப நட்டக் கணக்கின் பற்றுப் பக்கத்தில் உள்ளே இருந்த 9,000, வெளியே இருந்த 14,000, புது ஒதுக்கு 30,000 மூன்றையும் கூட்டினால் 53,000. அதில் பழைய ஒதுக்கு 20,000-ஐக் கழித்தால் 33,000. இருப்புநிலைக் குறிப்பில் 6,00,000-லிருந்து 30,000 கழித்து 5,70,000 காட்ட வேண்டும். சில கல்லூரிகளில் வாராக்கடனை ஒதுக்குக் கணக்குக்கு மாற்றி, அந்த ஒதுக்குக் கணக்கைப் பேரேடாகவே போடச் சொல்வார்கள். அப்படிப் போட்டாலும் அதே 33,000-தான் வரும்: வரவில் ஆரம்ப இருப்பு 20,000, பற்றில் வாராக்கடன் 23,000-ம் இறுதி இருப்பு 30,000-ம், வித்தியாசம் இலாப நட்டக் கணக்கிலிருந்து. நேரம் இருந்தால் இந்தப் பேரேட்டை அடிக்குறிப்பாகப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், விடை சரியா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

தப்பு எங்கே நடக்கிறது என்பதை விடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒதுக்கு 30,700 என்று வந்தால் 14,000-ஐக் கழிக்காமலேயே 5% போட்டிருக்கிறீர்கள். 29,550 என்று வந்தால் உள்ளே இருந்த 9,000-ஐயும் சேர்த்து இரண்டாம் தடவை கழித்திருக்கிறீர்கள். இலாப நட்டத்தில் 33,000-க்குப் பதில் 53,000 நின்றால் பழைய ஒதுக்கு மறந்துபோயிருக்கிறது. நான் திருத்துகிற தாள்களில் அதிகம் பார்ப்பது இந்த மூன்றாவதைத்தான். இருப்பாய்வின் வரவுப் பக்கத்தில் கடனீந்தோருக்கும் முதலுக்கும் நடுவில் அந்த 20,000 எங்கேயோ நிற்கும், கண்ணில் படாது. கடனாளி சம்பந்தமான சரிக்கட்டுதல் வந்தால் முதல் வேலையாக வரவுப் பக்கம் போய் பழைய ஒதுக்கு இருக்கிறதா என்று பென்சிலால் வட்டம் போடுங்கள்.

இப்போது பிள்ளைகள் எல்லோரும் கேட்கிற கேள்வி: நேரடியாகப் போக்கெழுதினாலே போதுமே, ஒதுக்கு எதற்கு? அடுத்த வருடத்தைப் பார்த்தால் பதில் கிடைக்கும். 2024 ஜூனில் இன்னொரு கடைக்காரர் ரூ.12,000 தராமல் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம், சரக்கு வாங்கியது பிப்ரவரியில். ஒதுக்கே வைக்காத வியாபாரியிடம் விற்பனையும் அதன் இலாபமும் ஒரு வருடக் கணக்கில் ஏறிவிட்டன, அந்த விற்பனையால் வந்த நட்டம் மட்டும் அடுத்த வருடத்தில் விழுகிறது. மார்ச் 31 அன்று எல்லோரும் தருவார்கள் என்பதுபோல 6,00,000 முழுவதையும் சொத்தாகக் காட்டியிருப்பார், அதைப் பார்த்துக் கடன் கொடுக்கிற வங்கிக்கு அது சரியான படம் இல்லை.

ஒதுக்கு வைத்தவரிடம் என்ன நடக்கிறது? அந்த 12,000 கடனாளிகளிலிருந்து போகிறது, 6,00,000 என்பது 5,88,000 ஆகிறது. அதே 12,000 ஒதுக்கிலிருந்தும் போகிறது, 30,000 என்பது 18,000 ஆகிறது. 5,88,000-ல் 18,000 கழித்துப் பாருங்கள், அதே 5,70,000. ஆள் ஓடிய நாளில் நிகரத் தொகையில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை, ஏனென்றால் அந்த நட்டத்தை விற்பனை நடந்த வருடமே ஏற்றுக்கொண்டுவிட்டார். தேர்வில் 'காரணம் கூறுக' என்று கேட்டால் பொருத்தக் கருத்து, முன்னெச்சரிக்கைக் கருத்து என்று பெயர் மட்டும் எழுதிவிட்டு நகராமல் இந்த இரண்டு கழித்தலையும் போட்டுக் காட்டுங்கள், புரிந்து எழுதியிருக்கிறீர்கள் என்பது திருத்துபவருக்குத் தெரியும்.

ஒதுக்கு கூடிக்கொண்டேதான் போகும் என்றும் நினைக்க வேண்டாம். வேறொரு வருடத்தில் பழைய ஒதுக்கு 30,000, வாராக்கடன் 4,000, கடனாளிகள் 2,00,000-ஆகக் குறைந்துவிட்டதால் 5%-க்குப் புது ஒதுக்கு 10,000 மட்டும். நாலும் பத்தும் பதினாலு, முப்பதிலிருந்து போனால் பதினாறாயிரம் மிச்சம். எதிர்மறை எண் வந்ததும் பிள்ளைகள் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். கணக்கு சரிதான், தேவைக்கு மேல் வைத்த 16,000 இலாப நட்டக் கணக்கின் வரவுப் பக்கத்தில் திரும்பி வருகிறது, அவ்வளவே.

சி.ஏ., சி.எம்.ஏ. பக்கம் போகிறவர்கள் வரியையும் சேர்த்துப் படித்துவிடுங்கள், இரண்டு முறைகளுக்கும் உள்ள வித்தியாசம் பணமாகவே தெரிகிற இடம் அதுதான். 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் 36-வது பிரிவில், ஏடுகளில் உண்மையாகவே போக்கெழுதிய வாராக்கடனுக்குத்தான் கழிவு. ஐயக்கடன் ஒதுக்குக்கு ஒரு சாதாரண வியாபாரிக்குக் கழிவு கிடையாது, வங்கிகளுக்கு விதி வேறு. நம் கணக்கில் செலவாகப் போன 33,000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 23,000 போக்கெழுதியது, அது கழிவாக நிற்கும். பாக்கி 10,000 ஒதுக்கில் கூடிய தொகை, வருமானம் கணக்கிடும்போது அதைத் திரும்பக் கூட்டிவிட வேண்டும். 1989 ஏப்ரலுக்குப் பிறகு, கடன் வராது என்று வரி அதிகாரியிடம் நிரூபிக்க வேண்டியதில்லை, ஏட்டில் போக்கெழுதினால் போதும் என்று டி.ஆர்.எஃப். லிமிடெட் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தத் தொகை முன்பே விற்பனையாக வருமானத்தில் ஏறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே இருக்கிறது. அதனால் பெயிண்ட் வியாபாரி தெரிந்தவருக்குக் கைமாற்றாகக் கொடுத்து ஏமாந்த பணத்தை வாராக்கடன் என்று எழுதிக் கழிவு கேட்க முடியாது. 2025-ல் வந்த புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு, உங்கள் பாடத்திட்டம் எந்தச் சட்டத்தைச் சொல்கிறதோ அதைப் பார்த்து எண்ணை எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று, போக்கெழுதிய பணம் திரும்பி வந்தால். போக்கெழுதியதால் பணம் கேட்கும் உரிமை போய்விடாது, ஏட்டில் மட்டும்தான் மூடியிருக்கிறோம். ஊருக்குப் போன அந்த ஆள் இரண்டு வருடம் கழித்து 5,000 அனுப்பினால், பணத்தைப் பற்று வைத்து அவர் கணக்கை வரவு வைக்கக் கூடாது, அவர் கணக்கில்தான் இருப்பே இல்லையே, வரவு வைத்தால் நாம் அவருக்குத் தர வேண்டியதுபோல் நிற்கும். வசூலான வாராக்கடன் என்ற கணக்கை வரவு வைத்து, வருட முடிவில் இலாப நட்டக் கணக்குக்கு வருமானமாகக் கொண்டுபோக வேண்டும். முன்பு கழிவு வாங்கிய தொகைதான் என்பதால் அதற்கு அந்த வருடம் வரியும் உண்டு.