'வூ லம்னே': ஒரு வினைச்சொல்லால் வீணான அரைநாள்

மகளுக்கு எட்டு வயது. அவளுடைய பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்காக இணையத்தில் முன்விண்ணப்பம் போட்டேன், 17 யூரோ முத்திரை வாங்கினேன், நகரசபையில் நேரமும் எடுத்தேன். அதெல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. முதல் நாள் ஒரு சந்தேகம் கேட்கத் தொலைபேசியில் அழைத்தபோதுதான் பிரச்சினை தொடங்கியது.

எடுத்துப் பேசிய பெண் வேகமாகச் சொன்னார்: மூலப் பத்திரங்கள், "வூ லெஸபோர்த்தே", மகள், "வூ லம்னே". நான் இரண்டையும் 'கொண்டு வாருங்கள்' என்றே எடுத்துக்கொண்டேன். மகளுடைய ஃபைலைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, அவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வேலையில் அரைநாள் விடுப்பு எடுத்துப் போனேன். கவுண்டரில் முதல் கேள்வியே "குழந்தை எங்கே?" என்பதுதான். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால், விண்ணப்பம் கொடுக்கும்போது பிள்ளையும் நேரில் இருக்க வேண்டும். "நேற்றே போனில் சொன்னோமே" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அதை மெதுவாக இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். அடுத்த நேரம் மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது. அந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை.

அன்று மாலை, இருபது வருடமாக இங்கே இருக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் புலம்பினேன். "நீ இங்கிலீஷ் வழியா யோசிக்கிறாய் தங்கச்சி. தமிழில் யோசி, கொண்டு வா, கூட்டி வா, கொண்டு போ, கூட்டிப் போ என்று நாலும் தனித்தனியா வரும்" என்றார்.

உண்மைதான். அபோர்த்தே என்றால் கொண்டு வருவது. அம்னே என்றால் கூட்டி வருவது. ஆம்போர்த்தே கொண்டு போவது, ஆம்னே கூட்டிப் போவது. 'போர்த்தே' என்றால் தூக்கிச் சுமப்பது, 'ம்னே' என்றால் நடத்திச் செல்வது. பொருளுக்கு முன்னது, ஆளுக்குப் பின்னது. ஆங்கிலத்தில் பொருளுக்கும் ஆளுக்கும் ஒரே சொல் என்பதால் எனக்கு அந்த வித்தியாசம் காதில் விழவே இல்லை. பிட்சா கடைப் பலகையில் 'ஆ ஆம்போர்த்தே' என்று இருப்பதை நினைவில் வைத்தால் கொண்டு போகும் சொல் மறக்காது.

போனில் நான் தவறவிட்டது எங்கே என்று அப்போதுதான் புரிந்தது. 'லம்னே'யில் முன்னால் ஒட்டியிருக்கும் 'ல்' அதையா, அவளையா என்று காட்டாது. வினைச்சொல்தான் காட்டும். 'லபோர்த்தே' என்றிருந்தால் ஃபைல். 'லம்னே' என்றால் நிச்சயமாக மகள்தான். அதிகாரிகள் பெயரை ஒரு முறை சொல்லிவிட்டு அப்புறம் இந்த 'ல்'லோடு ஓடிவிடுவார்கள். ஆகவே வினையைக் கவனியுங்கள். அம்னே, ஆம்னே இரண்டுக்கும் முதல் ஒலிதான் வித்தியாசம்: வருவது குறில், போவது மூக்கால் வரும் நெடில்.

தமிழ்க் கணக்கு கைவிடும் இடங்களும் உண்டு. அடுத்த வாரம் கார் பழுதானது. மெக்கானிக்குக்கு போன் செய்து, நாம் வண்டியைக் 'கொண்டு வருகிறேன்' என்பதுபோல, அபோர்த்தே போட்டுச் சொன்னேன். அவர் பொறுமையாக "வூ லம்னே, மதாம்" என்று திருத்தினார். காரைக் கையில் தூக்க முடியாது, அது தன் சக்கரத்தில் வருகிறது, அதனால் அம்னே. நாய், பூனைக்கும் அப்படித்தான். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாலும் அம்னேதான், ஏனென்றால் அது ஆள்.

இன்னொன்று, பள்ளி. நாம் எப்போதும் பள்ளிக்குக் 'கூட்டிப் போகிறோம்', ஆகவே ஆம்னே மட்டுமே சரி என்று நினைத்தேன். ஆனால் பள்ளி வாசலில் மற்ற அம்மாக்கள் அம்னே என்றும் சொல்கிறார்கள். அதுவும் சரிதான். நாம் வா, போ என்று பேசுகிறவர் நிற்கும் இடத்தை வைத்துச் சொல்கிறோம். பிரெஞ்சில் போய்ச் சேரும் இடத்தில் கண் இருந்தால் அம்னே, இருக்கும் இடத்தை விட்டுக் கிளம்புவதில் கண் இருந்தால் ஆம்னே. இங்கே பிறந்தவர்களே சாப்பாட்டு மேசையில் உப்பை அம்னே என்று கேட்பதுண்டு. அதைக் கேட்டுப் பரீட்சையில் எழுதாதீர்கள், அங்கே உப்புக்கு அபோர்த்தேதான்.

மூன்று வாரம் கழித்து மகளோடு போனேன், பத்து நிமிடத்தில் முடிந்தது. கிளம்பும் முன், பாஸ்போர்ட் வாங்க வரும்போது அவள் வர வேண்டுமா என்று நானே கேட்டேன்: "ழ துவா லம்னே?" கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, பன்னிரண்டு வயது ஆகவில்லை, தேவையில்லை என்றார். பாஸ்போர்ட் வந்ததும் அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு, தனியாகப் போய் வாங்கி வந்தேன்.