நானூறு சொல் விண்ணப்ப மெயிலை எண்பது சொல்லுக்குக் கொண்டுவந்த விதம்

திருத்தித் தரச் சொல்லி வந்த மெயில் அது. கிடங்கு மேற்பார்வையாளர் வேலைக்கான விண்ணப்பம், சுமார் 400 சொற்கள். எழுதியவருக்கு ஆறு வருட அனுபவம். செய்த வேலையும் நல்ல வேலைதான். ஆனால் மூன்று தடவை படித்த பிறகுதான் அது என்ன வேலை என்று தெரிந்தது. அதன் நடுப்பகுதி இப்படி இருந்தது:

"கடந்த ஆறு ஆண்டுகளாக இத்துறையில் பல்வேறு பொறுப்புகளில் பணியாற்றி, சரக்கு வரவு வைப்பது, அடுக்குவது, அனுப்புவது என அனைத்திலும் அனுபவம் பெற்று, இருப்புக் கணக்கில் அடிக்கடி வந்த வேறுபாடுகளைக் கவனித்து, தினமும் ஒரு பகுதியை எண்ணும் முறையைக் கொண்டுவந்து, பிழையை வெகுவாகக் குறைத்து, மேலதிகாரிகளின் பாராட்டைப் பெற்றேன்."

இந்த வாக்கியத்தின் முற்று வினை எது? "பெற்றேன்." அதாவது, வாக்கியம் கடைசியில் சொல்லி முடிப்பது பாராட்டு கிடைத்ததைத்தான். பிழையைக் குறைத்ததுதான் உண்மையான சாதனை. அது "குறைத்து" என்ற எச்சமாகி நடுவில் மாட்டிக்கொண்டது. தமிழில் மெயில் வளவளவென்று போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எச்சத்தை அடுக்கிக்கொண்டே போனால் வாக்கியம் முடியவே வேண்டியதில்லை. படிப்பவரோ வினைமுற்று வரும்வரை எதையும் மனதில் இறக்கி வைக்க முடியாமல் காத்திருக்கிறார்.

அதனால் இந்த மாதிரி மெயிலைக் கையில் எடுத்தால் முதல் வேலை வெட்டுவது அல்ல. மேலிருந்து ஒவ்வொரு சொல்லாக வெட்ட ஆரம்பித்தால் 400 சொல் 300 ஆகும், அதே குழப்பம் கொஞ்சம் சுருங்கி நிற்கும். முதலில் மூலத்தை அப்படியே ஒரு தனிக் கோப்பில் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு ஏதாவது ஒன்று மாறியதாகச் சொல்லும் இடத்தில் மட்டும் கோடு போட வேண்டும்: ஏதோ குறைந்தது, கூடியது, புதிதாக வந்தது. இந்த மெயிலில் ஐந்து இடம் தேறியது. மற்றதெல்லாம் வேலைப் பட்டியலும் குணப் பட்டியலும்தான். வேலைப் பட்டியல் ரெஸ்யூமேயிலேயே இருக்கிறது. "கடின உழைப்பாளி" என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள், அதை வைத்து யாரையும் கூப்பிடுவதில்லை.

அடுத்து, வேலை விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அதில் கேட்டது இருப்புக் கணக்கின் துல்லியம், அனுப்பும் வேகம், ஆட்களை நடத்துவது. ஐந்தில் மூன்று இவற்றோடு பொருந்தின. மீதி இரண்டில் ஒன்று கிடங்கை இடம் மாற்றிய கதை. எழுதியவருக்கு அதன் மேல்தான் பிரியம் அதிகம். நல்ல வேலைதான், ஆனால் இந்த வேலைக்கு அது யாரும் கேட்காத பதில். ரெஸ்யூமேயில் ஒரு வரியாக இருந்தால் போதும், நேர்முகத்தில் அவர்களே கேட்பார்கள். சுருக்குவதில் மனது கனக்கும் இடம் இதுதான். இங்கே இரக்கப்பட்டால் மெயில் மறுபடியும் நீண்டுவிடும்.

மூன்றையும் எழுதுவதற்கு முன், எழுதியவரிடம் ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்வி கேட்டேன். முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு, எத்தனை நாளில், கூட யார் இருந்தார்கள். "வெகுவாகக் குறைத்து" என்பதற்குப் பதில் அப்போதுதான் வந்தது: 1000 பதிவுகளுக்கு 30 பிழை இருந்தது, 9 மாதத்தில் 8 ஆனது. இதை "73 சதவீதம் குறைத்தேன்" என்று எழுதலாமே என்றார். கணக்கு சரிதான். ஆனால் நாலு பிழை ஒன்றானாலும் 75 சதவீதம் வந்துவிடும். அடிப்படை எண் இல்லாத சதவீதத்தை அனுபவசாலிகள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். முப்பது எட்டானது என்று சொன்னால் அளவும் தெரிகிறது, நம்பவும் முடிகிறது.

நான்காவது கேள்விதான் ரொம்ப முக்கியம். பார்கோடு ஸ்கேனிங் பற்றி மூலத்தில், "ஐடி பிரிவின் ஒத்துழைப்போடு நாங்கள் அனைவரும் இணைந்து" என்று ஒரு நீளமான வரி இருந்தது. சுருக்கும்போது முதலில் கத்தி விழுவது இந்த மாதிரி இடத்தில்தான். முழுவதையும் வெட்டினால் "பார்கோடு ஸ்கேனிங்கை அமைத்தேன்" என்று ஆகிவிடும். படிக்கக் கச்சிதமாக இருக்கும், ஆனால் அது பொய். நேர்முகத்தில் மென்பொருள் பற்றி இரண்டு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். "ஐடி பிரிவுடன் சேர்ந்து" என்ற மூன்று சொல் இருந்தால் வாக்கியம் உண்மையாகவே நிற்கும். இதற்கு எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. "செய்யப்பட்டது", "பங்காற்றினேன்" என்று எழுதினால் அவர் கையால் செய்ததுகூட யாரோ செய்ததாகிவிடும்.

கடைசியில் வந்தது இது. மூலத்தில் இருந்த "தினமும் ஒரு பகுதியை எண்ணும் முறை"தான் இதில் சைக்கிள் கவுண்ட்:

"சப்ஜெக்ட்: கிடங்கு மேற்பார்வையாளர் பணிக்கு விண்ணப்பம் – (பெயர்)

வணக்கம்.

கிடங்கு மேற்பார்வையாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். இத்துறையில் 6 ஆண்டு அனுபவம்; கடைசி 2 ஆண்டுகளாக 14 பேர் கொண்ட ஷிஃப்ட்டை நடத்துகிறேன்.

தினசரி சைக்கிள் கவுண்ட் முறையைக் கொண்டுவந்து, 1000 பதிவுகளுக்கு 30 ஆக இருந்த இருப்புப் பிழையை 9 மாதங்களில் 8 ஆகக் குறைத்தேன்.

ஐடி பிரிவுடன் சேர்ந்து பார்கோடு ஸ்கேனிங்கை அமைத்தேன். ஆர்டர் வந்து லாரியில் ஏறும் வரையான நேரம் 6 மணி நேரத்திலிருந்து 4 மணி நேரமாகக் குறைந்தது.

புதிதாகச் சேர்ந்த 11 பேருக்கு முதல் மாதப் பயிற்சி கொடுத்தேன். 9 பேர் ஒரு வருடம் கழித்தும் பணியில் இருக்கிறார்கள்.

ரெஸ்யூமேயை இணைத்திருக்கிறேன். ஒரு மாத நோட்டீஸில் சேர முடியும்.

நன்றி,
(பெயர், தொலைபேசி எண்)"

எச்சம் முழுக்கப் போய்விடவில்லை என்பதைக் கவனியுங்கள். "கொண்டுவந்து" இருக்கிறது, ஏனென்றால் அது எப்படி என்பதைச் சொல்கிறது. விளைவு மட்டும் "குறைத்தேன்" என்று முற்றாக நிற்கிறது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு எச்சம், அதிகம் போனால் இரண்டு. "எப்படி" என்பதையும் வெட்டிவிட்டு எண்ணை மட்டும் வைத்தால் அது அதிர்ஷ்டத்தில் வந்ததா, முயற்சியில் வந்ததா என்று தெரியாது.

விளம்பரத்தைப் பார்த்து மகிழ்ந்தது, நிறுவனத்தின் புகழ், "வாய்ப்பளித்தால் நன்றியுள்ளவனாக இருப்பேன்", எல்லாம் போயின. அவற்றை எடுத்தால் மரியாதை குறைந்துவிடுமோ என்று அவர் தயங்கினார். வணக்கமும் நன்றியும் இருக்கின்றனவே, மரியாதைக்கு அது போதும்.

திருத்தியது சரிதானா என்று பார்க்க, சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து இருபது விநாடி படிக்கச் சொன்னோம். பிறகு திரையை மறைத்துவிட்டு, என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டோம். "பிழை முப்பதிலிருந்து எட்டு, லாரி நாலு மணி நேரம், ஆட்கள் நிற்கிறார்கள்" என்றார். மூன்றும் வந்துவிட்டன. ஏதாவது ஒன்று வராமல் போயிருந்தால் அந்த வரியை மாற்றி எழுதியிருப்போம், நீளத்தைத் தொட்டிருக்க மாட்டோம்.

பிறகு எண்கள் ஒவ்வொன்றையும் ரெஸ்யூமேயோடு ஒப்பிட்டோம். அங்கே பயிற்சி பெற்றவர்கள் 12 பேர் என்று இருந்தது. ஒருவர் நடுவில் வேறு பிரிவுக்குப் போனவராம். 11 தான் சரி என்று ரெஸ்யூமேயைத் திருத்தினோம். நீளமான மெயிலில் இந்த முரண்பாடு யார் கண்ணிலும் பட்டிருக்காது. எண்பது சொல்லில் பளிச்சென்று தெரிந்திருக்கும். அதன் பிறகு கோப்பை இணைத்து, பெறுநர் முகவரியைக் கடைசியாக நிரப்பி, அனுப்பினார்.