கருப்பணசாமி கொடுத்த உத்தரவு

என் தங்கை மகன் காய்ச்சலில் கண் திறவாமல் கிடந்த நாட்களில் எங்கள் குடும்பம் இரண்டு இடங்களில் வேண்டிக்கொண்டது. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டுக் கொடுத்த தலம் என்பதால் அவிநாசியப்பரிடம் அபிஷேகம் நேர்ந்தோம். காங்கேயத்துப் பக்கத்துக் குலதெய்வக் கோயிலில், காவல் நிற்கும் கருப்பணசாமிக்குக் கிடாய் வெட்டுவதாகத் தங்கை மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். பிள்ளை எழுந்து நடந்தான். இரண்டு கடனையும் இந்த ஆடியில் செலுத்தினோம்.

அவிநாசியில் எல்லாம் முறைப்படி நடந்தது. கோத்திரமும் நட்சத்திரமும் சொன்னோம், குருக்கள் சங்கல்பம் செய்தார், பாலும் பன்னீரும் ஐயன்மேல் வழிந்தன, மனம் நிறைந்தது. அங்கே நாம் கேட்கிறோம், அவர் கேட்டருள்கிறார் என்ற நம்பிக்கையோடு திரும்புகிறோம். கருப்பணசாமியிடம் அப்படித் திரும்ப முடியாது. நாம் கொண்டுபோனதை ஏற்கிறாரா இல்லையா என்பதை அவரே அங்கேயே சொல்லியாக வேண்டும்.

குலதெய்வக் கோயிலில் அன்று சொல்லி முடியாத கூட்டம். வண்டி நிறுத்தும் இடத்திலேயே கிடாய்த் தரகர்கள் வழிமறித்து, சந்தை விலையைவிட ஏற்றிச் சொல்லி, நேர்ந்துவிட்ட கிடாயோடு வந்தவர்களையும் விடாமல் நச்சரித்தார்கள். நேர்த்திக்கடனோடு வருகிறவர்களின் அவசரத்தைக் காசாக்குவது பெரும் பாவம் என்றே சொல்வேன்.

முதலில் அம்மனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்துப் பூசை முடித்தோம். அம்மன் சைவம், ஆகவே கிடாயை வெளியே கருப்பணசாமி மேடைக்குக் கொண்டுபோகும்போது அம்மன் சன்னிதியில் திரை போட்டுவிட்டார்கள். மேடையில் சிலை இல்லை. எண்ணெய் ஏறிக் கறுத்த ஒரு கல், நட்டுவைத்த அரிவாள்கள், பழைய மண் குதிரை உருவாரங்கள், அவ்வளவுதான்.

பூசாரி கிடாய்க்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரை நெற்றியில் தெளித்து, பிடரியிலிருந்து முதுகுத்தண்டு வழியாக வால் வரை ஊற்றினார். கிடாய் துலுக்க வேண்டும். காதை ஆட்டுவதோ தலையை உதறுவதோ கணக்கில் வராது. தலை முதல் வால் வரை உடம்பு முழுவதும் சிலிர்த்து உதற வேண்டும், அதுவே உத்தரவு. எங்கள் கிடாய் அசையவில்லை. மறுபடியும் ஊற்றியும் அசையவில்லை. அவசரப்பட்ட ஓர் இளைஞன் காதில் தண்ணீர் விடப் போனபோது பெரியப்பா அவன் கையைத் தட்டிவிட்டார். அப்படி வாங்கிய துலுக்கு உத்தரவாகாது என்பது பெரியவர்கள் கண்டிப்பு. குளிர்ந்த நீர் பட்டால் எந்த ஆடும் உதறத்தானே செய்யும் என்று கேட்பவர்கள், அன்று அந்தக் கிடாய் கற்சிலைபோல் நின்றதை வந்து பார்த்திருக்க வேண்டும்.

உடுக்கை ஒலி ஏறியது. அருளாளிக்கு அருள் இறங்கியது. நரம்பு புடைத்து, பல்லைக் கடித்து, அரிவாளைப் பிடித்தபடி அவர் ஆடினார். வந்திருப்பது கருப்பணசாமிதானா என்று உறுதிசெய்ய, பூசாரி உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிக் கொடுத்தார்; அது எரிந்து முடியும் வரை அந்தக் கை நடுங்கவில்லை. பெரியப்பா கைகட்டி நின்று, “என்ன குறைங்க சாமி? சொல்லிப் போடுங்க, செஞ்சு போடறோம்” என்றார்.

“மணிச் சத்தம் கேக்கலியேடா!”

பெரியப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்பாரு ஒரு பஞ்ச காலத்தில் வெண்கல மணி கட்டுவதாக வேண்டிக்கொண்டு, கட்டாமலே காலமாகிவிட்டாராம். எங்கள் தலைமுறையில் ஒருவருக்கும் அது தெரியாது. பெரியப்பா அந்த இடத்திலேயே மஞ்சள் துணியில் காசு முடிந்து மேடையில் வைத்து, மணி கட்டித் தருவதாகச் சொன்னார். மீண்டும் தண்ணீர் ஊற்றினார்கள். முடிச்சை வைத்த கையை அவர் எடுப்பதற்குள், கிடாய் நான்கு காலையும் ஊன்றி, தோலே கழன்றுவிடும்போல் உதறியது. மஞ்சள் தண்ணீர் எங்கள் எல்லோர் முகத்திலும் தெறித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். தங்கை பிள்ளையை அணைத்துக்கொண்டு தரையில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன்.

உயிர்ப்பலித் தடைச் சட்டம் 1950-லேயே இயற்றப்பட்டது. 2003-இல் அரசு அதைக் கடுமையாகச் செயல்படுத்த முனைந்து, 2004-இல் நீக்கியது. அக்காலத்தில் எழுந்த வாதங்களில் கிடாய் வெட்டு வெறும் இரத்தப் பலியாகவே பேசப்பட்டது. தெய்வம் உத்தரவு தராத கிடாயின்மேல் அரிவாள் விழாது என்பதையும், கொடுத்த சொல் தலைமுறை கடந்தும் அங்கே கேட்கப்படும் என்பதையும் அந்த வாதங்களில் நான் காணவில்லை. சிவாலயத்தை இதற்குக் குறைவாகச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். அவிநாசியப்பர் இல்லாமல் எனக்கு ஒரு நாளும் விடிவதில்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கணக்கை வைத்திருப்பவர் கருப்பணசாமி.

வெட்டிய பிறகு தலை பூசாரிக்குப் போயிற்று. எங்கள் வழக்கப்படி கறியை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே சமைத்து, பந்தியில் வந்தவர்க்கெல்லாம் பரிமாறினோம். பிள்ளை தன் மாமன் மடியில், என் மடியில் உட்கார்ந்து, இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கருப்பா, என் சாமி, பிள்ளையைக் கொடுத்தாய், அப்பாரு விட்டுப்போன கடனையும் நினைவூட்டினாய். மணிக்குச் சொல்லிவிட்டோம், தை பிறந்ததும் கொண்டுவந்து கட்டுகிறோம்.