வீடு எனக்கு என்று எழுதியிருந்தது, ஆனால் வீடே இல்லை

அப்பா 2014-இல் உயில் எழுதினார். சுங்கை சிப்புட்டில் இருந்த வீடு எனக்கு, இருபதாயிரம் வெள்ளி ரொக்கமும் எனக்கு, மீதி எல்லாம் தம்பிக்கு. 2019-இல் கால் முடியாமல் தம்பி வீட்டோடு போய்விட்டார். வீட்டை விற்று, வந்த 180,000 வெள்ளியை அப்படியே நிரந்தர வைப்பில் போட்டார். உயிலை மட்டும் யாரும் தொடவில்லை.

அவர் இறந்த பிறகு ஈப்போவில் வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க் உயிலைப் பார்த்தே சொத்துப் பட்டியலைத் தட்டினார். வீடும் அதில் ஏறிவிட்டது. "வீட்டுப் பட்டா கிராண்ட் கொண்டுவாங்கக்கா" என்றார். விற்றாகிவிட்டது என்று சொல்லியும் காதில் வாங்கவில்லை. வேறு வழியில்லாமல் நில அலுவலகத்தில் தேடல் போட்டேன். வந்த தாளில் வாங்கியவர் பெயர், மாற்றம் பதிவான தேதி, எல்லாம் பளிச்சென்று இருந்தன. அரைநாள் போனது. பட்டியலைத் திருத்தி, சத்தியப் பிரமாணத்தில் மறுபடி கையெழுத்துப் போட இன்னொரு நாள். சொத்துப் பட்டியலில் வரவேண்டியது சாகும்போது கையில் இருந்தது மட்டும். உயிலில் இருப்பதெல்லாம் அதில் வராது.

சரி, வீடு போனால் வீட்டுப் பணம் எனக்குத்தானே என்று நினைத்தேன். வங்கிச் சீட்டைக் காட்டினேன். அதே தொகை, விற்ற அதே வாரம். வழக்கறிஞர் தலையாட்டிவிட்டுச் சொன்னார்:

"இது அந்த வீட்டுப் பணம்னு நீங்க நிரூபிச்சாலும் பிரயோஜனம் இல்லம்மா. உங்களுக்கு எழுதினது குறிப்பிட்ட ஒரு வீடு. அவர் இறந்த அன்னைக்கு அது அவர்கிட்ட இல்ல, அதனால அந்தக் கொடை அப்பவே போச்சு. பணம் மீதியில சேரும்."

மீதி என்றால் தம்பிக்கு. அப்பா "இந்தக் காசு பெரியவளுக்கு" என்று வாயால் சொன்னதை நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். அதுவும் எடுபடவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, பெயர் மாறுவதற்குள் இறந்திருந்தால்? அதையும் கேட்டேன். அப்போதும் பாக்கி விலைப்பணம் பொதுவாக மீதிக்குத்தான் போகுமாம்.

ஆனால் அந்த இருபதாயிரம் தப்பியது. எந்தக் கணக்கிலிருந்து என்று அப்பா குறிக்கவில்லை. அதனால் கடனெல்லாம் கழிந்த பிறகு எந்தப் பணத்திலிருந்தும் தரலாம். "இன்ன வங்கியில் உள்ள இன்ன கணக்கு" என்று எழுதி, அந்தக் கணக்கை இடையில் மூடியிருந்தால் அதுவும் கோவிந்தா.

உங்கள் வீட்டுப் பெரியவர் எதையாவது விற்கிறார் என்றால் அதே மாதம் உயிலை எடுத்துப் பாருங்கள். "விற்றிருந்தால் அந்தத் தொகை" என்று ஒரு வரி அதில் இருந்திருந்தால் எனக்கு இந்த அலைச்சலே இல்லை. புதிதாக எழுதினால் சாட்சி இருவர் வேண்டும், சொத்து பெறுபவரும் அவருடைய கணவன் மனைவியும் சாட்சியாகக் கூடாது.

தம்பியிடம் கேட்டுவிட்டேன். "உயிலுக்குக் கோர்ட் தர்ற கிராண்ட் ஆஃப் புரோபேட் வரட்டும்க்கா, பேசிக்கலாம்" என்றான். நேற்று வந்துவிட்டது.