SpO2 99 காட்டுகிறது, நோயாளி ஏன் எழுந்திருக்கவில்லை?

மூச்சுத்திணறலோடு கேஷுவால்டிக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு ஆக்சிஜன் நன்மையே செய்யும். நிமோனியா என்றால் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் காட்டும் ரத்த ஆக்சிஜன் அளவான SpO2 94 முதல் 98 வரை இருக்கும்படி வைக்கிறோம். கொஞ்சம் கூடிப்போனாலும் அவருடைய நுரையீரல் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளிவிடும். அப்படித் தள்ள முடியாதவர்களும் இருக்கிறார்கள்: பல வருடம் பீடி பிடித்தோ விறகடுப்புப் புகையில் சமைத்தோ சிஓபிடி என்னும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய் வந்தவர்கள், மிக அதிக உடல் பருமன் உள்ளவர்கள், முதுகெலும்பு வளைந்து நெஞ்சுக்கூடு ஒடுங்கியவர்கள். இவர்களுக்கு இலக்கு 88 முதல் 92.

பலரிடம் பார்த்ததை ஒருவராக்கிச் சொல்கிறோம். வயது 65, முப்பது வருடப் பீடி. வீட்டில் SpO2 82. பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடிக்கொண்டிருக்க, வந்து சேரும்போது 99. திணறல் அடங்கித் தூங்குகிறார் என்று வீட்டாருக்கு நிம்மதி. ஆனால் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து உடனே மூடிக்கொள்கிறார். கை வெதுவெதுப்பாக இருக்கிறது, நாடி துள்ளுகிறது. கைகளை நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கிப் பிடித்தால் விட்டுவிட்டுச் சரிகிறது. ஆக்சிமீட்டர் கார்பன் டை ஆக்சைடை அளக்காது. அதற்கு மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்து, அதிலுள்ள வாயுக்களை அளக்கும் ஏபிஜி பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் pH 7.24, கார்பன் டை ஆக்சைடு அழுத்தமான PaCO2 80, அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 33. பைகார்பனேட் இவ்வளவு ஏற சிறுநீரகத்துக்குச் சில நாட்களாவது ஆகும். ஆகவே கார்பன் டை ஆக்சைடு தேக்கம் இன்று தொடங்கியதல்ல. 10 லிட்டர் அதைக் கூட்டிவிட்டது.

ஆக்சிஜன் குறைவுதான் இவர்களை மூச்சுவிடத் தூண்டுகிறது, அதைக் கொடுத்தால் தூண்டுதல் அணைந்துவிடும் என்றுதான் பலரும் படித்திருப்போம். அதற்கும் ஒரு பங்கு உண்டு, ஆனால் சிறிய பங்கு. முக்கியக் காரணம் நுரையீரலுக்குள்ளேயே இருக்கிறது. காற்று சரியாகப் போகாத பகுதிகளில் ரத்தக்குழாய்கள் தாமாகவே சுருங்கி, ரத்தத்தை நல்ல பகுதிகளுக்குத் திருப்பிவிடும். அளவுக்கு மீறி ஆக்சிஜன் போனதும் அந்தக் குழாய்கள் விரிகின்றன. காற்றோட்டம் இல்லாத இடத்துக்கு ரத்தம் வீணாகப் போய், கார்பன் டை ஆக்சைடை இறக்காமலே திரும்புகிறது. இன்னொன்று, ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் தன்னிடமிருந்த கார்பன் டை ஆக்சைடை விட்டுவிடும். மற்றவர்கள் நாலு மூச்சு வேகமாக விட்டு அதை வெளியேற்றுவார்கள். இவருக்கு அதற்குத் தெம்பில்லை.

இந்த நேரத்தில் பதறிப்போய் மாஸ்க்கை முழுவதும் கழற்றிவிடுவதுதான் மிகப் பெரிய தவறு. சாதாரணக் காற்றில் நுரையீரல் அறைகளுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் அழுத்தம், சுமார் 150-லிருந்து PaCO2-வை 0.8-ஆல் வகுத்த எண்ணைக் கழித்தால் வரும். வீட்டில் அவருடைய PaCO2 60 என்று வைத்துக்கொண்டால், 150 கழித்தல் 75, மீதி 75. இப்போது 80 என்பதால், 150 கழித்தல் 100, மீதி 50தான். உடம்பில் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடு சில நிமிடத்தில் குறையாது, ஆக்சிஜனோ உடனே சரிந்துவிடும். வீட்டில் இருந்ததைவிட மோசமான நிலைக்குப் போய் இதயம் நின்றுவிடலாம்.

ஆகவே கழற்றாமல் குறைக்கிறோம். ஆக்சிஜன் சதவீதத்தை நிலையாக வைக்கும் வென்சுரி மாஸ்க்கில் வெள்ளை அடாப்டர், 4 லிட்டர், 28 சதவீதம். SpO2 92-ஐத் தாண்டினால் நீல அடாப்டர், 2 லிட்டர், 24 சதவீதம். 88-க்குக் கீழே போனால் ஒரு படி ஏற்றுகிறோம். ஆக்சிஜனுக்குப் பயந்து 80-இல் விட்டுவைப்பதும் ஆளைக் கொல்லும். நெபுலைசரை ஆக்சிஜன் குழாயில் மாட்டினால் 6 முதல் 8 லிட்டர் மறுபடி உள்ளே போகும், பட்ட பாடெல்லாம் வீண். கம்ப்ரெஸரில் ஓட்டி, மூக்குக் குழாயில் 1 அல்லது 2 லிட்டரைத் தொடர வேண்டும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் ஏபிஜி. இவருக்கு pH 7.30, PaCO2 66 என்று திரும்பியிருந்தாலும் 7.35-க்குக் கீழேதான் இருக்கிறது, எனவே மாஸ்க் வழியே அழுத்தம் கொடுத்து மூச்சுவிட உதவும் பைபாப் மாட்டுகிறோம். அவர் மேலும் மயங்கினால் வென்டிலேட்டருக்குத் தயாராக இருக்க வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு வெறும் கணக்கல்ல. டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸிலேயே இதைச் சோதித்து 2010-இல் வெளியிட்டார்கள். சிஓபிடி உறுதியானவர்களில், அதிக ஆக்சிஜன் பெற்றவர்களில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள். 88–92-க்கு அளந்து பெற்றவர்களில் 2 சதவீதம்.

வீட்டுக்கு அனுப்பும்போது, கான்சென்ட்ரேட்டர் எத்தனை லிட்டரில் இருக்க வேண்டும் என்று எழுதி மெஷினிலேயே ஒட்டச் சொல்கிறோம். 90 காட்டுகிறதே, 97 வரட்டும் என்று வீட்டார் பிரியத்தோடு குமிழைத் திருப்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது. காலையில் தலைவலியோடு எழுந்தாலோ, பகலில் பேசிக்கொண்டே தூங்கிப்போனாலோ, எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அன்றே கூட்டிவர வேண்டும். ஆம்புலன்ஸ்காரரிடம் காட்ட ‘இலக்கு 88–92, வென்சுரி 28’ என்று ஒரு அட்டையும் நோயாளியின் சட்டைப்பையில் இருக்கட்டும்.